பொட்டு வைத்தால் 'ப்', எடுத்தால் 'ப'

"என் மகளுக்கு 5 வயது. டொரண்டோ பக்கத்தில் இருக்கிறோம். நாங்கள் தமிழில் பேசினால் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டினோம், ஃப்ளாஷ் கார்டும் வாங்கினோம். ஒரே மாதத்தில் சலித்துவிட்டாள். '60 நாளில் தமிழ்' என்று ஓர் ஆன்லைன் தொகுப்பு 300 டாலருக்கு வருகிறதாம். வாங்கலாமா? இல்லை, விளையாட்டு, படக்கதைப் புத்தகம் என்று வேறு வழி இருக்கிறதா?"

வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது 13 அட்டை, ஒரு பாக்கெட் ஒட்டுப்பொட்டு, ஊரில் இருக்கும் பாட்டியோடு வாரம் ஒரு வீடியோ கால், நாலைந்து மெல்லிய படப் புத்தகம். அவ்வளவுதான்.

முதலில் பேச்சைப் பார்ப்போம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் அவளுக்குத் தமிழ் தேவைப்படுவதில்லை. "அம்மாவுக்குப் புரியல" என்று நடித்தால் 5 வயதுப் பிள்ளை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். ஆங்கிலம் தெரியாத ஆள் ஒருவர் விளையாட்டுக்குள் வர வேண்டும். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் நல்லது.

பாட்டியிடம் ஒரு பேப்பரும் பென்சிலும் இருக்கட்டும். பிள்ளை கையில் ஒரு படம், அது பாட்டிக்குத் தெரியக் கூடாது. பிள்ளை சொல்லச் சொல்ல பாட்டி வரைய வேண்டும். "ஒரு மரம். மரத்துக்குக் கீழ பூனை. பூனை பக்கத்துல பந்து." கடைசியில் இரண்டு படத்தையும் கேமராவில் காட்டி ஒப்பிட வேண்டும். பாட்டி பூனையை மரத்துக்கு மேலே வரைந்து வைத்திருந்தால் பிள்ளை துள்ளிக் குதித்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்போடு "மேல இல்ல பாட்டி, கீழ!" என்று வரும் பாருங்கள், அதுதான் உங்களுக்கு வேண்டிய தமிழ். மேல, கீழ, உள்ள, பக்கத்துல, பெரிய, சின்ன, இன்னொண்ணு, இந்தப் பத்துப் பதினைந்து சொல்லும் இல்லாமல் இந்த ஆட்டம் நகராது.

நடுவில் "ட்ரீக்குக் கீழ" என்றால் திருத்த வேண்டாம். "மரத்துக்குக் கீழயா? சரி" என்று பாட்டி சொல்லிவிட்டு வரைந்தால் போதும். பாட்டியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "தமிழ்ல சொல்லு, தமிழ்ல சொல்லு" என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் பிள்ளை போன் பக்கமே வராது. கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

இனி எழுத்து. 247 என்ற எண்ணைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216 என்பது இலக்கணக் கணக்கு. படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. அ, ப, ம, ட, க, ல என்று ஆறே எழுத்து எடுங்கள். கூடவே துணைக்கால், அதாவது 'ா'. அப்புறம் புள்ளி.

கெட்டி அட்டையில் பெரிதாக எழுதுங்கள். ப மூன்று அட்டை. ம, ட, க இரண்டிரண்டு. அ, ல ஒவ்வொன்று. ஒல்லியான அட்டையில் துணைக்கால் இரண்டு. மொத்தம் 13. புள்ளியை எழுதக் கூடாது. ஒட்டுப்பொட்டுதான் புள்ளி. 'ப' தலையில் பொட்டு வைத்தால் 'ப்'. எடுத்தால் மறுபடி 'ப'. பக்கத்தில் காலைத் தள்ளி வைத்தால் 'பா'. மெய்க்கும் உயிர்மெய்க்கும் உள்ள வித்தியாசம் பிள்ளையின் விரல் நுனிக்கு வந்துவிடும். அட்டவணையை எத்தனை நாள் பார்த்தாலும் இது வராது, அதில் 'ப்' ஒரு கட்டத்திலும் 'ப' இன்னொரு கட்டத்திலும் அசையாமல் கிடக்கும்.

இந்த 13 அட்டையில் என்னென்ன சொல் வரும் என்று பாருங்கள்: அம்மா, அப்பா, மாமா, பாப்பா, பல், பால், கால், கல், படம், பட்டம், கட்டம், கடல், கப்பல், காகம், பாலம். பெரும்பாலும் பிள்ளைக்குக் காதால் தெரிந்த சொற்கள். 'உ'வுக்கு உரல் என்று அச்சடித்த கார்டை நினைத்துப் பாருங்கள். டொரண்டோவில் பிறந்த பிள்ளை உரலை எங்கே பார்த்தது? தெரியாத பொருளை வைத்துத் தெரியாத எழுத்தைச் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் நிற்காது.

ஆட்டம் இதுதான். மூன்று படம் வரைந்து மேசையில் வையுங்கள்: ஒரு ஓவியச் சட்டம், ஒரு காற்றாடிப் பட்டம், ஒரு கப்பல். நீங்கள் ப, ட, ம மூன்றையும் அடுக்கி, 'ம' மேல் பொட்டு வைத்து 'படம்' செய்கிறீர்கள். பிள்ளை ஓவியத்தை எடுக்கும். இப்போது நடுவில் இன்னொரு 'ட'வை நுழைத்து, அதன் தலையில் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள். 'பட்டம்' ஆகிவிட்டது. ஒரு பொட்டில் ஓவியம் பறக்க ஆரம்பித்துவிட்டது! இந்த ஓர் இடத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை நான் பல வருடமாக வார இறுதி வகுப்புகளில் பார்த்து வருகிறேன்.

தமிழில் ஒரே எழுத்துக்கு இரண்டு சத்தம் என்பதும் இங்கேயே விளங்கிவிடும். இரட்டித்து வந்தால் அழுத்திச் சொல்கிறோம், தனியாக நடுவில் வந்தால் மெத்தென்று சொல்கிறோம். விதியாகச் சொல்ல வேண்டாம். படம், பட்டம் என்று மாற்றி மாற்றிச் சொன்னால் காது பிடித்துக்கொள்ளும். எழுத்தின் பெயரையும் சொல்ல வேண்டாம். 'ஆனா, ஆவன்னா' என்று பழக்கினால் 'அம்மா'வை 'ஆனாம்மா' என்று கூட்டிப் படிப்பார்கள். சத்தத்தை மட்டும் சொல்லுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் இது இடிக்கும், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லாப் பெற்றோரும் முதல் நாள் செய்யும் வேலை, பிள்ளையின் பெயரை எழுதிக் காட்டுவது. ஆசை நியாயமானதுதான். ஆனால் இன்றைய பெயர்களைப் பாருங்கள். 'தியா' என்று எழுதினால், 'திரை' என்பதில் வரும் அதே 'தி'தான். சொல்வதோ வேறு சத்தம். 'பல்'லில் வரும் ப வேறு, 'பஸ்'ஸில் வரும் ப வேறு, எழுத்து ஒன்றுதான். தமிழ்ச் சொல்லின் முதலில் வல்லினம் அழுத்தித்தான் வரும்; வெளியிலிருந்து வந்த பெயர்களும் சொற்களும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. ஜ, ஷ, ஸ, ஹ வரும் பெயர் என்றால் கிரந்த எழுத்து வேறு சேரும். முதல் நாளே இதில் மாட்டினால் பிள்ளை எழுத்தை நம்பாமல் ஊகித்துப் படிக்கப் பழகிவிடும். பெயரை அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், படமாகப் பார்த்துப் பழகட்டும். அதைப் பிரித்துக் கூட்டிப் படிக்கும் வேலையை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். மகளின் பெயர் மலர், கயல் போல இருந்தால் இந்தக் கவலையே இல்லை, முதல் நாளே தொடங்கலாம்.

சரி, புத்தகம். பிரதம் புக்ஸ் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். நிலை 1 என்று குறித்தவற்றை மட்டும் எடுங்கள். டொரண்டோ பொது நூலகத்திலும் தமிழ்க் குழந்தை நூல்கள் உண்டு. எந்தப் புத்தகமானாலும் முதலில் நீங்கள் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பில் சில வாக்கியம் மரக்கட்டையாக இருக்கும், உங்கள் நாக்கே தடுக்கும். அதை விட்டுவிடுங்கள்.

புத்தகத்தில் 'நாய் ஓடுகிறது' என்றிருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. முதல் இரண்டு மூன்று இரவு 'நாய் ஓடுது பாரு' என்று உங்கள் வீட்டுத் தமிழிலேயே கதையைச் சொல்லுங்கள். கதை பழகிய பிறகு அச்சில் உள்ளபடி படியுங்கள். அதே புத்தகம் ஒரு வாரம் ஓடட்டும். பக்கத்துக்கு ஒரு சொல், அதுவும் உங்கள் ஆறு எழுத்தில் வரும் சொல்லாகப் பார்த்து, அதற்குக் கீழே மட்டும் விரல் வையுங்கள். சென்னை தூலிகா போன்ற பதிப்பகங்கள் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள் போடுகின்றன. படங்கள் அருமை. ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரிந்ததும் பிள்ளையின் கண் அந்தப் பக்கம்தான் போகும். ஒரு காகிதத் துண்டால் அந்த வரியை மறைத்துக்கொள்ளுங்கள். பாட்டி வீட்டுப் பழைய புத்தகம் வந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதா என்று பாருங்கள். 'னை', 'லை', 'றா' எல்லாம் பழைய வடிவில் இருக்கும். கதை சொல்ல ஆகும், எழுத்துக்கு ஆகாது.

இப்போது அந்த 300 டாலர். இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. உங்களிடம் அதை எடுத்து வந்தவர் யார்? தெரிந்த குடும்பமா, வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவரா? ஆள் சேர்த்தால் அவருக்குக் கமிஷன் உண்டா என்று நேராகக் கேளுங்கள். பணம் கட்டும் முன் உள்ளே பத்துப் பக்கம் காட்டச் சொல்லுங்கள். கொம்போ காலோ இருக்கும் இடத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம் தெரிந்தால், எழுத்துருகூட சரிபார்க்காமல் அச்சுக்குப் போன சரக்கு. 'ஔ' ஓரெழுத்தாக இல்லாமல் 'ஒ', 'ள' என்று இரண்டாக நிற்கிறதா பாருங்கள். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு போட்டிருந்தால் பிள்ளை அதை மட்டும்தான் படிக்கும், தமிழெழுத்து அலங்காரமாக நிற்கும். 'ஒரு வாரம் இலவசம்' என்றால் எட்டாவது நாள் கார்டிலிருந்து பணம் போகும். என்னிடம் வந்த ஒரு தாய்க்கு ஒரு வருடப் பணம் அப்படியே போனது. கேட்டால் நிபந்தனையில் எழுதியிருக்கிறதாம்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளையும் சொல்லாமல் விட முடியவில்லை. கட்டம் போட்ட நோட்டில் 247 எழுத்தையும் பார்த்து எழுதிச் சான்றிதழ் வாங்கி வந்த ஏழு வயதுப் பையனிடம் 'பால்' என்று எழுதிக் காட்டினேன். படிக்கத் தெரியவில்லை. இரண்டு வருட சனிக்கிழமைகள்! நிர்வாகத்திடம் சொன்னால், ஆண்டு விழாவுக்கு நேரமாகிறது என்றார்கள்.

உங்கள் பிள்ளை படிக்கிறதா, மனப்பாடம் சொல்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மேலே சொன்ன பட்டியலில் நான் 'பகல்' என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. நீங்களும் அதைக் காட்டாதீர்கள். நாலைந்து வாரம் கழித்து, படம் எதுவும் வைக்காமல் ப, க, ல அடுக்கிக் கடைசியில் பொட்டு வையுங்கள். தட்டுத் தடுமாறியாவது படித்துவிட்டால் 'ி' கொக்கியைச் சேருங்கள். பாட்டியும் மாமியும் வந்துவிடுவார்கள். அதற்கடுத்து கொம்பு: எழுதும்போது முன்னால் நிற்கும், சத்தம் பின்னால் வரும், ஆகவே கொம்பு அட்டையைக் கடைசியில் கொடுத்து முன்னால் வைக்கச் சொல்லுங்கள். கு, டு, பு, மு வரிசை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'பகல்' வரவில்லை என்றால் புதிய எழுத்து எதுவும் வேண்டாம். அதே 13 அட்டையோடு இன்னும் இரண்டு வாரம் விளையாடுங்கள்.