ஒரே ஃபோன், மூன்று பிள்ளைகள்: கேமையும் செலவையும் பிரிப்பது எப்படி?

“வீட்டில் ஒரே ஆண்ட்ராய்டு ஃபோன். தம்பி விளையாடினால் அக்காவின் லெவல் அழிகிறது, காசும் போகிறது. என்ன செய்யலாம்?”

Settings → System → Users பகுதியில் ஆளுக்கொரு பயனர் கணக்கைத் தொடங்குங்கள். சில நிறுவனங்களின் ஃபோன்களில் இந்த வசதி இருக்காது. முதலில் தேடிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் கேமின் சேமிப்பு தனியாக இருக்கும், எனவே ஒரே கேமில் அக்கா நாற்பதாம் லெவலிலும் தம்பி மூன்றாம் லெவலிலும் இருக்கலாம். ஆனால் தரவு ஆளுக்கொரு முறை இறங்குவதால் ஃபோனின் இடம் சீக்கிரம் நிரம்பும். அதே பகுதியில் உள்ள Guest என்ற தற்காலிகக் கணக்கில் விளையாட விடாதீர்கள், அதை அழித்தால் சேமிப்பும் போய்விடும்.

காசு விஷயம்தான் சிக்கல். பிளே ஸ்டோரில் வைக்கும் மாத பட்ஜெட் எச்சரிக்குமே தவிர வாங்குவதைத் தடுக்காது. நான் சொல்வது இதுதான்: பிள்ளைகளின் கூகுள் கணக்கில் கார்டோ யுபிஐயோ சேர்க்காமல், 100 ரூபாய்க்கு கூகுள் பிளே ரீசார்ஜ் கோடு மட்டும் போடுங்கள். தீர்ந்தால் வாங்க முடியாது. அவர்கள் பயனர் கணக்கில் அழைப்பு, எஸ்எம்எஸ் அனுமதியையும் கொடுக்காதீர்கள். ஓடிபி அவர்கள் பக்கம் போகாது. அப்புறம், உங்கள் கணக்கின் பின் நம்பர் அவர்களுக்குத் தெரிந்தால் இத்தனையும் வீண்.