அனுப்பிய விற்பனைக் கணக்கு தப்பு: திருத்த மெயில் எப்படி எழுதுவது?

செல்வி: ஜூன் விற்பனை 47.2 லட்சம் என்று முதலாளிக்கும் இரண்டு பங்குதாரர்களுக்கும் அனுப்பிவிட்டேன். ஜிஎஸ்டியும் சேர்ந்துவிட்டது, சரியானது 40 லட்சம். எப்படி ஆரம்பிக்க?

ரகு: சப்ஜெக்ட்டிலேயே சொல்லிவிடுங்கள்: "திருத்தம்: ஜூன் விற்பனை 40 லட்சம், 47.2 அல்ல". காரணத்துக்கு ஒரு வரி போதும், மே வரை வரி இல்லாத தொகையைப் போட்டோம், ஜூனுக்கு 18% வரியோடு எடுத்துவிட்டோம் என்று. அப்புறம்தான் முக்கியமான இடம். மே விற்பனை எவ்வளவு?

செல்வி: 42 லட்சம்.

ரகு: அப்படியென்றால் பழைய மெயில்படி 12% வளர்ச்சி, உண்மையில் கிட்டத்தட்ட 5% சரிவு. இதை நீங்களே எழுதுங்கள். எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, சரிவை அவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும்படி விட்டால், மறைக்கப் பார்த்தீர்கள் என்றுதான் நினைப்பார்கள். வசூல், பாக்கி எண்களில் மாற்றம் இல்லை என்பதையும் சொல்லலாம், ஆனால் மறுபடி சரிபார்த்த பிறகு மட்டும். இரண்டாவது திருத்தம் போனால் மூன்றாவது எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

முருகன்: சரியான எக்செலை 'ரிவைஸ்டு' என்று பேர் மாற்றி அனுப்பினால் போதாதா?

ரகு: ஃபைல் கட்டாயம் போகவேண்டும், அது சரி. ஆனால் போனில் மெயில் பார்க்கிறவர் இரண்டு ஃபைலையும் திறந்து ஒப்பிடமாட்டார். மாறிய கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள், ஃபைல் பெயரில் தேதி போடுங்கள், பழைய மெயிலுக்கே ரிப்ளை ஆல் கொடுங்கள். முன்பு அனுப்பியதை யாருக்காவது ஃபார்வர்டு செய்திருந்தால் இதையும் அனுப்பச் சொல்லுங்கள். அவுட்லுக் ரீகாலை நம்பவேண்டாம், வெளியே ஜிமெயிலுக்குப் போனது அங்கேயேதான் இருக்கும்.

பானு: எங்கள் கதை வேறு. வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் ஒரு பார்ட்டியின் பாக்கி இரண்டு தடவை ஏறிவிட்டது. அடுத்த மாதம் சரிசெய்தால் ஆகாதா?

ரகு: ஆகாது. அதை வைத்துத்தான் டிராயிங் பவர் போடுகிறார்கள், அதாவது நீங்கள் எடுக்கக்கூடிய தொகையே கூடிப்போயிருக்கும். இன்றே கிளை அதிகாரிக்குப் போன் செய்துவிட்டு, திருத்திய ஸ்டேட்மென்ட்டைக் கையெழுத்தோடு கொடுங்கள். சரியான வரம்புக்கு மேல் எடுத்திருந்தால், எவ்வளவு எடுத்தீர்கள், எந்தத் தேதிக்குள் கட்டுவீர்கள் என்று கடிதத்திலேயே எழுதுங்கள்.

தினேஷ்: 340 ரூபாய் வித்தியாசத்துக்கும் தனி மெயிலா?

ரகு: உள் அறிக்கை என்றால் அடுத்த மாத அறிக்கையில் ஒரு குறிப்பு போதும் என்பது என் கட்சி.

பானு: நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் ஆடிட்டர் ஒரு ரூபாய்க்கும் அன்றைக்கே எழுதச் சொல்கிறார்.

ரகு: தினமும் திருத்தம் வந்தால் பெரிய திருத்தத்தையும் திறக்காமல் விட்டுவிடுவார்கள் என்பதுதான் என் பயம். உங்கள் ஆடிட்டர் அதற்கு என்ன சொல்கிறார், கேட்டுச் சொல்லுங்கள்.