ஸ்க்ரீன்ஷாட்ல இருக்கற தமிழ எழுத்தா மாத்தறது: கேள்வி பதில்

பாலக்கோடு: அண்ணா, தண்ணி பிரச்சனை பத்தி வந்த ஃபேஸ்புக் போஸ்ட்டெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டெசராக்ட் சாஃப்ட்வேர்ல எழுத்தா மாத்திட்டேன். தர்மபுரின்னு தேடுனா ஒன்னுமே வரல, ஆனா ஃபைல்ல கண்ணுக்கு முன்னாடியே இருக்கு!

பதில்: நீங்க அனுப்புன ஃபைல பாத்தேன், அதுல இருக்கறது தர்மபுரி இல்லீங்க, "தா்மபுாி". நிறைய ஃபான்ட்ல ர்-க்கும் ரி-க்கும் ர-வோட கீழ்க்கால போடமாட்டாங்க, அப்ப அது துணைக்கால் மாதிரியே தெரியும், மெஷினும் துணைக்கால்னே எழுதிடுது. கண்டுபிடிக்க ஈஸி, ரி-க்கு பின்னாடி கர்சர் வச்சு ஒரு தடவ பேக்ஸ்பேஸ் அடிங்க, ர மிஞ்சுனா சரி, வெறும் கால் மட்டும் நின்னா தப்பு. துணைக்காலுக்கு மேல புள்ளியோ கொக்கியோ தமிழ்ல எங்கயுமே வராது, அதனால பயப்படாம மொத்தமா மாத்தலாம்:

```
sed -e 's/ா்/ர்/g' -e 's/ாி/ரி/g' -e 's/ாீ/ரீ/g' out.txt > new.txt
```

டிடிபி கடை வச்சிருக்கேன், எந்த ஃபைல் வந்தாலும் மொதல்ல இத ஓட்டிட்டுதான் படிக்கவே ஆரம்பிப்பேன்.

ஓசூர்: இதெல்லாம் வாட்ஸப்ல அனுப்பறதால வர்ற பிரச்சனைதான், ஒரிஜினல் படம் குடுத்தா சரியா வந்துடும்.

பதில்: பாதி சரி. நாலு பேர் கை மாறி வந்த படத்துல புள்ளி மங்கிடும், பட்டு "படடு" ஆயிடும். அதுக்கு ஒரிஜினல டாக்குமென்டா அனுப்ப சொல்லுங்க, எழுத்து பொடியா இருந்தா ரெண்டு மூனு மடங்கு பெருசாக்கிட்டு குடுங்க, டார்க் மோட்ல எடுத்திருந்தா கலர திருப்பி போடுங்க. ஆனா ர குழப்பம் எவ்ளோ தெளிவான படத்துலயும் வரும். இன்னொன்னு, மாங்கா ரேட் போஸ்ட்ல 23 ரூவா 28 ஆயிட்டா படிக்கறவனுக்கு சந்தேகமே வராது, அதனால நம்பர் மட்டும் ஒவ்வொன்னா படத்த பாத்து சரி பண்ணுங்க.

பென்னாகரம்: எங்கப்பாவுக்கு கண்ணு தெரியாதுங்க, போன்தான் படிச்சு காட்டும். படமா போடற போஸ்ட்ட மட்டும் ஏதோ உளறுது.

பதில்: எழுத்தா மாத்தி வச்சத படிக்க விடறீங்கன்னா மேல சொன்ன கமாண்ட ஓட்டிட்டு விட்டு பாருங்க, தா்மபுாி-ய அது வாயில வந்த மாதிரிதான் சொல்லும். போனே நேரா படத்துல இருந்து படிக்குதுன்னா நடுவுல திருத்த வழியில்லீங்க, போடறவங்ககிட்ட படத்துக்கு கீழ டைப்பும் பண்ண சொல்றதுதான் எனக்கு தெரிஞ்சது.

ஊத்தங்கரை: எங்க தாத்தாவோட கணக்கு நோட்ட போட்டோ எடுத்தா வருமா?

பதில்: கையெழுத்து வேற கதைங்க, இந்த முறை அதுக்கு உதவாது.

பாலக்கோடு: ஓட்டிட்டேன் அண்ணா, தர்மபுரி வந்துருச்சு! ஆனா சேரி மட்டும் "சோி"ன்னே நிக்குது.

பதில்: அங்க முன்னாடி இருக்கற ரெட்டக்கொம்போட கால் ஒட்டி "சோ" ஆயிடுச்சு, இதையும் சேத்துக்கோங்க:

```
-e 's/ோி/ேரி/g' -e 's/ோ்/ேர்/g'
```

கௌ மட்டும் இப்படி மாத்தாதீங்க. கௌதமன் "கெளதமன்"னு வரும், பாக்க ரெண்டும் ஒன்னுதான், ஆனா மொத்தமா மாத்துனா ஒகேனக்கல் கெளுத்தி மீனும் "கௌுத்தி"ன்னு கெட்டுப்போயிடும். அதுக்கு நான் இன்னும் கண்ணாலதான் பாத்துட்டு இருக்கேன், யாருக்காவது வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க.