பயிற்சிகளை எப்போது மாற்றலாம்?

கேள்வி: எனக்கு 34 வயது. ஐந்து மாதமாக ஜிம் போகிறேன். "உடம்பு பழகிட்டா பலன் இருக்காது" என்று ட்ரெய்னர் வாராவாரம் பயிற்சிகளை மாற்றிவிடுகிறார். உடம்பு நன்றாக வலிக்கிறது, ஆனால் பலம் கூடினதா என்றே தெரியவில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது சரி?

மருத்துவர் பதில்: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங் போன்ற முக்கியப் பயிற்சிகளை 8 முதல் 12 வாரம் வரை அப்படியே வைத்திருங்கள். பைசெப்ஸ், கெண்டைக்கால், வயிறு போன்ற சின்னப் பயிற்சிகளை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம்.

புதிய பயிற்சி ஒன்றைத் தொடங்கினால் முதல் சில வாரங்களில் நீங்கள் தூக்கும் எடை வேகமாகக் கூடும். அதில் பெரும்பகுதி, அந்த அசைவை நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. தசை வளர்ச்சி அதைவிட மெதுவாக நடக்கும். வாராவாரம் மாற்றினால் நீங்கள் எப்போதும் கற்றுக்கொள்ளும் கட்டத்திலேயே இருப்பீர்கள், போன வாரத்தோடு ஒப்பிட எதுவும் இருக்காது. வலியை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். பழக்கமில்லாத அசைவு எதுவானாலும் வலிக்கும். அதையே தொடர்ந்து செய்தால் வலி குறைந்துவிடும், தசை வளர்வது நிற்காது.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் 40 கிலோவை மூன்று செட்டில் 8, 8, 7 முறை தூக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே எடையில் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு செட்டில் ஒன்றாவது கூட்டப் பாருங்கள். மூன்று செட்டிலும் 12 வந்ததும் 42.5 கிலோவுக்குப் போங்கள். எண்ணிக்கை மறுபடி எட்டு, ஒன்பதுக்கு இறங்கும், அது இயல்புதான்.

மூன்று வாரமாக எந்த செட்டிலும் ஒன்றுகூடக் கூடவில்லையா? உடனே பயிற்சியை மாற்ற வேண்டாம். தூக்கம் குறைந்ததா, சாப்பாட்டில் புரதம் போதவில்லையா, காய்ச்சல் வந்து போனதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஒரு வாரம் செட்களைப் பாதியாகக் குறைத்துவிட்டு, திரும்பவும் பழைய அளவில் முயலுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் அதே தசைகளுக்கான நெருங்கிய பயிற்சிக்கு, உதாரணமாகச் சாய்வு பெஞ்சில் டம்பெல் பிரஸ்ஸுக்கு, மாறுங்கள். அதில் முதல் இரண்டு வார எண்களை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளாமல், மூன்றாவது வாரத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். பழைய கிலோவோடு ஒப்பிடவும் வேண்டாம், டம்பெல்லில் குறைவாகத்தான் தூக்க முடியும்.

மாற்றமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே பயிற்சி தசையின் எல்லாப் பகுதியையும் ஒரே அளவில் வேலை வாங்குவதில்லை. சலிப்பு வந்து ஜிம்முக்கே போகாமல் விடுவதும் நடக்கிறது. ட்ரெய்னரிடம் மூன்று நான்கு பயிற்சிகளை நிலையாக வைக்கச் சொல்லிவிட்டு, மற்றவற்றை அவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

மூட்டு வலி மட்டும் விதிவிலக்கு. தசை வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதிகமாகி, சில நாளில் போய்விடும். தூக்கும்போதே தோளிலோ முழங்காலிலோ ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தி, ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தால் 8 வாரம் காத்திருக்காமல் அன்றே அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். நிறுத்தியும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால், அல்லது வீக்கமோ மரத்துப்போவதோ இருந்தால், எலும்பு மூட்டு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.