நிழலைத் துரத்தும் நாய்: விளையாட்டா, நோயா?

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயது. பிள்ளைகள் லேசர் லைட் அடித்து விளையாட்டுக் காட்டுவார்கள். இப்போது லேசர் இல்லாமலேயே சுவரில் விழும் வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் துரத்துகிறது. சோறு வைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வளர வளரச் சரியாகிவிடுமா?
– வாசகி, திருச்சி

பதில்: தானாகச் சரியாகாது அம்மா. சாதாரணமாக விளையாடும் நாய், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிறுத்திவிடும். சாப்பாட்டு வாசனை வந்தால் ஓடி வரும். பசியைக்கூட மறக்கிறது என்றால் அது பழக்கத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது.

நாய்க்குத் துரத்துவது என்றால் கடைசியில் பிடித்துக் கவ்வ வேண்டும். பந்தை எறிந்தால் அது நடக்கிறது. லேசர் புள்ளி வாய்க்குச் சிக்குவதே இல்லை. அதனால் வேட்டை முடியாமலே நிற்கிறது. நாய் அந்தப் புள்ளியைக் கைக்கடிகார மினுமினுப்பிலும், மின்விசிறி நிழலிலும் தேடத் தொடங்குகிறது. லேசரை இன்றே தூக்கிப் போடுங்கள்.

ஆனால் மனம்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன் உடம்பைப் பார்த்தாக வேண்டும். வாலைச் சுற்றிச் சுற்றிக் கடித்துப் புண்ணாக்கிய ஒரு நாயை என்னிடம் கொண்டுவந்தார்கள். வாலைத் தூக்கிப் பார்த்தால் ஆசனவாய் ஓரத்துச் சுரப்பிகள் இரண்டும் சீழ் கோத்து வீங்கியிருந்தன. அதைச் சரிசெய்ததும் சுற்றுவது பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி போகவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டாலே சுற்றும். வலியில் ஆரம்பித்தது, வலி போன பிறகும் ஒட்டிக்கொண்டது. முன்னங்காலை ஓயாமல் நக்கும் நாய்களிலும் இப்படித்தான், அடியில் அலர்ஜியோ மூட்டுவலியோ இருக்கும். உங்கள் நாய்க்குக் கண்ணையும், வலிப்பு சம்பந்தப்பட்ட சாத்தியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் அது துரத்தாமல் சாதுவாக நிற்கலாம். அதனால் வீட்டிலேயே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

அதுவரை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். சாயங்கால வெயில் விழும் ஜன்னலுக்குத் திரை போடுங்கள். அந்த நேரம் வருவதற்குள் வெளியே கூட்டிப்போய், அவசரப்படுத்தாமல் மோந்து பார்க்க விடுங்கள். துரத்தும்போது அதட்டவோ அடிக்கவோ வேண்டாம், பதற்றம் கூடும். சிரித்து வேடிக்கை பார்த்தால் அதையே கவனிப்பு என்று எடுத்துக்கொள்ளும். சங்கிலியில் கட்டிப்போட்டாலும் உள்ளே இருக்கும் தவிப்பு போகாது.

இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால் பதற்றத்தைத் தணிக்கும் ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மாத்திரையை மருத்துவர் எழுதித் தரலாம். அது நன்றாக வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் யாருக்கோ வாங்கிய மாத்திரையை அளவு தெரியாமல் கொடுக்கவும் வேண்டாம். முழுக்க மறையாமலும் போகலாம். ஆனால் கூப்பிட்டதும் சுவரை விட்டுவிட்டுத் தட்டுக்கு வருகிறது என்றால் சிகிச்சை வேலை செய்கிறது.