விலையில் மிச்சம், மொத்தத்தில் நஷ்டம்

"சின்ன பனியன் கம்பெனி. துணிச் செலவு திட்டத்தைவிட 1,700 ரூபாய் கூடிவிட்டது. விலையாலா, வீணானதாலா?"

ஒரு பனியனுக்கு 200 கிராம் துணி, கிலோ 400 ரூபாய் என்பது உங்கள் நிர்ணய அளவு என்று வைத்துக்கொள்வோம். தைத்தது 1,000 பனியன். 200 கிலோ போதும். ஆனால் 380 ரூபாய் விலையில் 215 கிலோ வாங்கி, முழுவதும் தீர்ந்துவிட்டது.

கிலோவுக்கு 20 ரூபாய் வீதம் 215 கிலோவுக்கு 4,300 மிச்சம். இது விலை மாறுபாடு, கொள்முதலைக் காட்டும். கூடுதலாகப் போன 15 கிலோவை 400-ஆல் பெருக்கினால் 6,000 நஷ்டம். இது பயன்பாட்டு மாறுபாடு. இங்கே 380-ஆல் பெருக்கினால் வாங்கியவரின் சாமர்த்தியம் வெட்டியவர் கணக்கில் கலந்துவிடும்.

சரி, உடனே கட்டிங் மாஸ்டரைத் திட்டாதீர்கள். கழிவு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். ஓட்டையும் கறையுமான துண்டுகள் அதிகமென்றால், அந்த மலிவுத் துணிதான் காரணம்.