பிரெஞ்சுச் சீட்டில் தபாலுக்கு எந்தச் சொல்?

"லியோனில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றி, தபாலையும் எடுத்துவைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டம்மாவுக்குச் சீட்டு எழுதினேன். 'லா போஸ்ட்' என்றதும் குழம்பிவிட்டார்."

'மோன் கூரியே' என்று எழுதுங்கள். 'லா போஸ்ட்' என்றால் தபால் நிலையம். பெட்டியில் விழும் கடிதங்கள் 'கூரியே'. ஆங்கிலப் பழக்கத்தில் கை தானாக அங்கே போயிருக்கும்.

வரி இது: "பூரியே-வூ அரோஸே மே பிளாந்த் எ ரெல்வே மோன் கூரியே?" கீழே புறப்படும் தேதி, திரும்பும் தேதி, வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் என்று சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், அவர் உங்களை மரியாதையாக 'வூ' என்கிறாரா, நெருக்கமாக 'த்யூ' என்கிறாரா என்று கவனியுங்கள். 'த்யூ' என்றால் தொடக்கம் "பூரே-த்யூ".

பதிவுத் தபாலை மட்டும் இந்தச் சீட்டைக் காட்டி அவரால் வாங்க முடியாது. அதற்குத் தனியாக 'புரோக்குராசியோன்' எனும் அதிகாரப் பத்திரம் வேண்டும்.